பிஎச்.டி. விண்ணப்பத்துக்கு முன் ஓர் அறிமுகம்: புதுக்கோட்டைக் குமிழிக் கல்வெட்டுகள்

மதிப்பிற்குரிய பேராசிரியர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் கயல்விழி. முதுகலை வரலாறும், அதன்பின் ஓராண்டு கல்வெட்டியல் பட்டயமும் முடித்திருக்கிறேன். வரும் சேர்க்கையில் உங்கள் துறைக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். அதற்கு முன் என் கேள்வி உங்கள் ஆய்வுப் பரப்புக்குள் வருமா என்று கேட்கவே இந்த மடல்.

கீரனூர் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் குமிழியின், அதாவது தண்ணீர் திறந்துவிடும் மடையின், இரண்டு கல்தூண்கள் நிற்கும். சிறுவயதில் அதிலிருந்துதான் குதித்து நீந்துவோம். இரண்டு வருடம் முன்பு வைகாசியில் கண்மாய் வற்றியபோது, தூணின் கீழ்ப்பாதியில் எழுத்து தெரிந்தது. மாவு தடவிப் பார்த்தேன். 'இக்குமிழி' என்பது மட்டும் தெளிவாக வந்தது; செய்வித்தவர் பெயர் இருந்த இடம் பொரிந்துபோயிருந்தது.

மற்ற குமிழிக் கற்களில் செய்வித்தவர் பெயராவது கிடைக்கிறது, சரி. அதற்கப்புறம் வருடாவருடம் வண்டல் எடுத்தது யார்? உத்திரமேரூரில் சபை இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையையே சொல்கின்றன. அது பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட பிரமதேய ஊர். புதுக்கோட்டைப் பகுதியின் சாதாரண ஊர்களில் அந்த வேலை எப்படி நடந்தது என்பதே என் கேள்வி. ஏரிப் பராமரிப்புக்கென விடப்பட்ட ஏரிப்பட்டி நிலங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், கொடை குறிக்கப்பட்ட இடங்களை மட்டுமே எடுத்துக்கொண்டதாகச் சொல்லியிருந்தீர்கள். கொடை பற்றிய பேச்சே இல்லாத குமிழிகளை நான் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது அங்கேதான். 1929-இல் வெளியான புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுத் தொகுப்பிலிருந்து குளத்தூர் வட்டத்துப் பாடங்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். கிரந்த எழுத்து வாசிப்பில் இன்னும் தடுமாறுவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்று பிடிஎஃப் இணைத்துள்ளேன்: இரண்டு பக்க ஆய்வுக் குறிப்பு, இரண்டு பக்கத் தன்விவரம், முதுகலை ஆய்வேட்டின் மூன்றாம் இயல் (12 பக்கம்). நேரம் குறைவென்றால் முதல் கோப்பு மட்டும் போதும். சான்றிதழ்கள், முழு ஆய்வேடு, தூணின் படங்கள் எதையும் அனுப்பவில்லை. கேட்டால் அன்றே அனுப்புகிறேன்.

நெட் தேர்வில் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றிருக்கிறேன், ஜேஆர்எஃப் உதவித்தொகை இல்லை. மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும் என்பதால் இந்தச் சேர்க்கையைத் தவறவிட முடியாது. ஒரு பேராசிரியர் எட்டு பேருக்கு மேல் வழிகாட்ட முடியாது என்பது தெரியும். உங்களிடம் இடம் இருக்கிறதா என்று ஒரு வரி எழுதினால் போதும். சேர்த்துக்கொள்வதாக உறுதி எதுவும் கேட்கவில்லை, நேர்காணல் அதன் வழியில் நடக்கட்டும்.

போன வருடம் ஒரே மடலைப் பதினான்கு பேருக்கு ஒன்றாக அனுப்பினேன். எல்லார் முகவரியும் எல்லாருக்கும் தெரிந்தது. ஒருவர் மட்டும், "இதில் எனக்கு எழுதியது எந்த வரி?" என்று கேட்டிருந்தார். இந்த மடல் உங்களுக்கு மட்டும்தான் அம்மா.

விடைத்தாள் திருத்தும் நாட்கள் என்பதால் தொலைபேசியில் தொந்தரவு செய்யவில்லை. மூன்று வாரம் கழித்து ஒருமுறை மட்டும் நினைவூட்டலாமா?

பணிவுடன்,
மு. கயல்விழி
கீரனூர், புதுக்கோட்டை மாவட்டம்