பொருள்: ஆய்வேடு ஒப்படைக்க டிசம்பர் 5 வரை அவகாசம் வேண்டி

பவானி
நவம்பர் 6

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். 'பவானி ஜமக்காள நெசவுச் சொற்கள்' என்ற என் ஆய்வேட்டை வருகிற 14ஆம் தேதி உங்களிடம் ஒப்படைக்க வேண்டும். அதை டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை வரை தள்ளித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைசி நாளில் வந்து நிற்கக் கூடாது என்பதால் இன்றே எழுதுகிறேன்.

காரணம் மழைதான் அம்மா. பெரியமோளபாளையத்தில் நான் போய்வரும் தெருவில் எல்லாமே குழித்தறி. நெய்கிறவர் தரையில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் இறக்கித்தான் மிதிகட்டையை மிதிக்க வேண்டும். இந்த ஐப்பசி மழையில் தரைக்கு அடியிலிருந்தே தண்ணீர் ஊறிக் குழிகள் நிறைந்துவிட்டன. பத்து நாளாக அந்தத் தெருவில் தறிச்சத்தமே இல்லை. இறைத்து ஊற்றினாலும் மறுநாள் காலையில் முழங்கால் அளவு நிற்கிறது. சாயம் போட்ட சிட்டங்களைக் காய வைக்கவும் வெயில் இல்லை. கூலியே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவர்களிடம் போய் 'எப்போது தறி ஓடும்' என்று நச்சரிக்க எனக்கு மனசு வரவில்லை.

தறி ஓடாவிட்டால் என்ன, திண்ணையில் உட்கார வைத்துக் கேட்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அதையும் செய்து பார்த்தேன். நூலின் பெயர், கருவியின் பெயர் எல்லாம் அப்படிக் கிடைத்துவிடுகின்றன. ஆனால் அகலமான ஜமக்காளத்தில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நாடாவை ஒருவருக்கொருவர் தள்ளிக்கொண்டே பேசிக்கொள்ளும் சொற்கள் வருவதில்லை. இழை அறுந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு எப்படிச் சொல்வீர்கள் என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தறியில உக்காந்தாத்தான் கண்ணு அதெல்லாம் வாய்க்கு வரும்" என்றார். அந்தச் சொற்கள் எந்த அகராதியிலும் நான் பார்க்காதவை. அவற்றை விட்டுவிட்டு ஒப்படைத்தால் ஆய்வேட்டில் பாதி உயிர் இருக்காது என்று நினைக்கிறேன்.

என் பக்கமும் ஒரு தவறு இருக்கிறது. செப்டம்பரில் வெயில் நன்றாக அடித்தபோது தறிக்குப் போகாமல் இரண்டு வாரம் நூலகத்திலேயே இருந்துவிட்டேன். களப்பணியை முதலில் முடி என்று நீங்கள் அப்போதே சொன்னீர்கள். அதைக் கேட்டிருக்க வேண்டும்.

இதுவரை முடிந்தது இவ்வளவு. ஐந்து இயல்களில் முதல் மூன்றும் எழுதிவிட்டேன், இத்துடன் இணைத்திருக்கிறேன். முதல் இயலில் நீங்கள் குறித்துக் கொடுத்தபடி, 1985ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஜமக்காளம் இடம்பெற்றதைத் தனிப் பத்தியாகச் சேர்த்துவிட்டேன். மொத்தம் 172 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் 140 சொற்களைக் குறைந்தது இரண்டு நெசவாளர்களாவது உறுதிப்படுத்தியிருக்கிறார்கள். பாவு, ஊடை, தார், அச்சு, விழுது, படைமரம் என்று நூலும் கருவியும் சார்ந்த பகுதி முழுமையாக இருக்கிறது. ஆறு பேரிடம் பேசத் திட்டமிட்டிருந்தேன், நான்கு பேரிடம் ஒலிப்பதிவு முடிந்துவிட்டது. மீதி இருவர் ஒரே தறியில் சேர்ந்து நெய்யும் அண்ணன் தம்பி. அவர்களைத் தறியில் வைத்துத்தான் பதிவு செய்ய வேண்டும்.

குழி காய்ந்து தறி பூட்ட மழை விட்டபின் ஒரு வாரமாவது ஆகும் என்கிறார்கள். அதனால் நவம்பர் 22க்குள் அந்தப் பதிவை முடித்து, 29ஆம் தேதி நான்காம் இயலை மட்டும் முதலில் அனுப்புகிறேன். உங்கள் திருத்தங்களையும் சேர்த்து டிசம்பர் 5 அன்று முழுதாகக் கட்டமைத்து நேரில் கொண்டு வருகிறேன். வாய்மொழித் தேர்வு 15ஆம் தேதி என்பதால் நீங்கள் படிக்கப் பத்து நாள் இருக்கும்.

22ஆம் தேதி வரைக்கும் மழை விடவில்லை என்றால் இன்னொரு முறை தேதி கேட்க மாட்டேன். ஜம்பையில் மேட்டில் வீடு இருக்கிற ஒருவர் தறி இப்போதும் ஓடுகிறது. அது ஒற்றை ஆள் நெய்யும் சின்னத் தறி. அவரிடம் கிடைப்பதை வைத்து அந்த இயலை முடித்து, இருவர் தறிச் சொற்கள் விடுபட்டதை முன்னுரையிலேயே எழுதிவிடுகிறேன்.

துறைத் தலைவரிடம் தனியாக விண்ணப்பம் கொடுக்க வேண்டும் என்றால் சொல்லுங்கள் அம்மா, திங்கட்கிழமை கல்லூரிக்கு வரும்போது கொண்டு வருகிறேன். அன்று காலை பத்து மணிக்கு உங்களைப் பார்க்கலாமா? ஒலிப்பதிவுகளையும் எடுத்து வருகிறேன். அந்தப் பெரியவர் பாவு பற்றிப் பேசியிருப்பதை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

தங்கள் மாணவி,
கீர்த்தனா
முதுகலைத் தமிழ், இரண்டாம் ஆண்டு