செய்முறை: கடை வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தின் அளவைத் தரம் பார்த்தல்

25 மி.லி. வினிகர் பிப்பெட்டால் எடுக்கப்பட்டு, 250 மி.லி. திட்டக் குடுவையில் வாலைவடிநீரால் குறிவரை நீர்க்கப்பட்டது. பியூரெட் முதலில் நீராலும், அப்புறம் ஆக்சாலிக் அமிலத்தால் முன்பே தரப்படுத்தப்பட்ட 0.100 M சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலாலும் அலசப்பட்டு, அதே கரைசலால் நிரப்பப்பட்டது. முனையில் ஒரு சிறு காற்றுக்குமிழி தங்கியிருந்தது. குழாய் சட்டெனத் திறக்கப்பட்டு அது வெளியேற்றப்பட்ட பிறகே தொடக்க அளவீடு குறிக்கப்பட்டது.

நீர்த்த வினிகரில் 20 மி.லி. கூம்புக் குடுவைக்கு மாற்றப்பட்டது. குடுவை வாலைவடிநீரால் மட்டுமே கழுவப்பட்டிருந்தது. வினிகரால் அலசப்பட்டிருந்தால் உள்ளே அமிலம் கூடி, முடிவு பிழையாகியிருக்கும். இரண்டு சொட்டு பினாப்தலீன் சேர்க்கப்பட்டு, குடுவை வெள்ளைத் தாளின்மேல் வைக்கப்பட்டது.

முதல் தரம்பார்த்தல் தோராயமாகச் செய்யப்பட்டது. அடுத்தவற்றில் 15 மி.லி. வரை காரம் வேகமாகவும், பின்னர் சொட்டுச் சொட்டாகவும் விடப்பட்டது. ஒவ்வொரு சொட்டுக்கும் தோன்றிய இளஞ்சிவப்பு, குடுவை சுழற்றப்பட்டதும் மறைந்தது. கடைசியில் முனையில் தொங்கிய அரைச்சொட்டு, குடுவையின் சுவரில் தொட்டெடுக்கப்பட்டு நீரால் உள்ளே கழுவிவிடப்பட்டது. வெளிர்நிறம் 30 விநாடிகள் நிலைத்த இடமே முடிவுநிலையாகக் கொள்ளப்பட்டது. 0.1 மி.லி.-க்குள் ஒத்த மூன்று அளவீடுகள் கிடைக்கும்வரை சோதனை திரும்பச் செய்யப்பட்டது.