முருகன் 108 போற்றி: ஜபமாலைப் படி
கந்த சஷ்டி ஆறு நாள், மாலை 6 மணி கூட்டுப் பாராயணத்துக்கு

ஒவ்வொரு நாமத்துக்கும் முன்னால் "ஓம்", பின்னால் "போற்றி". மாலை வலக்கை நடுவிரல் மேல் கிடக்கட்டும். ஆட்காட்டி விரல் படாமல் கட்டைவிரலால் மணியைத் தள்ளவும். "போற்றி" சொல்லும்போது மட்டும் தள்ளவேண்டும். "ஓம்" சொல்லும்போதும் விரல் நகர்ந்தால் ஒரு நாமத்துக்கு இரண்டு மணி ஓடிவிடும். கணக்குத் தவறுவது பெரும்பாலும் இதனால்தான்.

பத்துப் பத்தாகப் பிரித்தால் கடைசியில் எட்டு மிஞ்சும். ஆகவே ஒன்பது ஒன்பதாகப் பன்னிரண்டு கொத்து. கொத்தின் ஒன்பதாம் நாமம் மட்டும் "வேலனே" என்று முடியும். அது காதில் விழுந்ததும் இடக்கைக் கட்டைவிரலை அடுத்த கணுவுக்கு ஏற்றவும். ஒரு விரலுக்கு மூன்று கணு, 27 நாமம்.

சுண்டுவிரல்

1. கந்தனே, குகனே, காங்கேயனே
கார்த்திகேயனே, சரவணபவனே, பொய்கைக்குழந்தையே
நெற்றிக்கண்சுடரே, அறுவர்மைந்தனே, குமரவேலனே

2. சிவகுமாரனே, உமைபாலனே, கௌரிமைந்தனே
ஐங்கரன்தம்பியே, மால்மருகனே, கொற்றவைசேயே
தெய்வானைநாதனே, வள்ளிமணாளனே, சக்திவேலனே

3. ஆறுமுகனே, பன்னிருகையனே, பன்னிருகண்ணனே
செம்மேனியனே, அழகனே, இளையோனே
கடம்பனே, தண்டைக்காலனே, வடிவேலனே

மோதிரவிரல்

4. மயிலோனே, மயில்வாகனனே, மயூரநாதனே
சேவற்கொடியோனே, கோழிக்கொடியனே, குக்குடத்துவசனே
பிணிமுகத்தோனே, ஆட்டுவாகனனே, கதிர்வேலனே

5. தேவசேனாபதியே, மகாசேனனே, அமரர்காவலனே
தாரகாரியே, கிரௌஞ்சபேதனனே, சூரசம்காரனே
சிறைமீட்டவனே, வீரபாகுத்தலைவனே, வெற்றிவேலனே

6. சுவாமிநாதனே, தகப்பன்சாமியே, பிரணவப்பொருளே
பிரமசாஸ்தாவே, குருபரனே, தேசிகனே
ஞானபண்டிதனே, வேதப்பொருளே, ஞானவேலனே

(54. ஐம்பத்துநான்கு மணி மாலை வைத்திருப்போர்க்கு மேருமணி இங்கே வரும். அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பிப் பிடித்துத் தொடரவும்.)

நடுவிரல்

7. பரங்குன்றத்தானே, செந்திலாண்டவனே, ஆவினன்குடியானே
பழனியாண்டவனே, ஏரகத்தானே, தணிகேசனே
சோலைமலையானே, குன்றுதோறாடலனே, செந்தில்வேலனே

8. கதிர்காமனே, நல்லூரானே, மருதாசலனே
கழுகுமலையானே, குன்றக்குடியானே, விராலிமலையானே
வயலூரானே, சென்னிமலையானே, சிங்காரவேலனே

9. முருகனே, சேயோனே, குறிஞ்சிக்கிழவனே
மலைகிழவோனே, காந்தட்கண்ணியனே, தினைப்புனத்தானே
வேடனாய்வந்தவனே, வேங்கையாய்நின்றவனே, முத்துவேலனே

ஆட்காட்டி விரல்

10. தண்டாயுதபாணியே, ஆண்டிக்கோலனே, கோவணத்தானே
கனிவிரும்பியவனே, பாலகனே, பாலசுப்பிரமணியனே
குமரனே, செல்வக்குமரனே, குழந்தைவேலனே

11. அருளாளனே, வரதனே, அபயகரனே
தயாபரனே, வினைதீர்ப்பவனே, பிணிதீர்ப்பவனே
துணைவருவோனே, அஞ்சலென்பவனே, தங்கவேலனே

12. சுப்பிரமணியனே, சண்முகனே, விசாகனே
குமரகுருபரனே, குகேசனே, சோதிவடிவே
ஓங்காரனே, பரம்பொருளே, கந்தவேலனே

108 மணி மாலையில் "கந்தவேலனே"க்குப் பிறகு விரலில் மேருமணி தட்டவேண்டும். நாமம் எதுவும் விடாமல் சொல்லியும் தட்டவில்லையென்றால் மாலையை எண்ணிப் பாருங்கள். கடையில் வாங்கும் மாலை சில 107 அல்லது 110 மணியோடு வருகின்றன. நடுவில் ஐயம் வந்தால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. இடக்கை நிற்கும் கணுவின் கொத்தை மறுபடி சொன்னால் போதும். நாமம் கூடுவதில் குறையில்லை, விடுபடக்கூடாது. இரண்டாம் சுற்றுக்கு மாலைதான் திரும்பும். நாமங்கள் எப்போதும் "கந்தனே"யிலிருந்தே.