ராவுகிற அரம் ஏன் உடைந்தது?

கேள்வி: சார், ஒர்க்‌ஷாப்பில் ஒரு அரம் கைதவறி சிமெண்ட் தரையில் விழுந்து இரண்டு துண்டாகிவிட்டது. எம்.எஸ்., அதாவது மைல்ட் ஸ்டீல் கம்பியையே ராவுகிற அரம்தானே கம்பியைவிட ஸ்ட்ராங்? ஸ்ட்ரெங்த், ஸ்டிஃப்னஸ், ஹார்ட்னஸ், டஃப்னஸ், டக்டிலிட்டி எல்லாமே எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிகிறது.

பதில்: அரம் கம்பியை ராவுவது ஹார்ட்னஸால். மேற்பரப்பில் கீறலோ பள்ளமோ விழாமல் எதிர்க்கும் குணம் அது. ராக்வெல், விக்கர்ஸ் சோதனைகளில் கடினமான சிறு முனையை அழுத்திப் பார்ப்பது இதைத்தான். உடைந்ததற்குக் காரணம் டஃப்னஸ் குறைவு, அதாவது உடைவதற்கு முன் எவ்வளவு ஆற்றலை உள்வாங்க முடியும் என்பது. கார்பன் அதிகமுள்ள ஸ்டீலைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்தால் ஹார்ட்னஸ் ஏறும், டஃப்னஸ் இறங்கும். உன் அரம் அப்படிச் செய்ததுதான்.

ஸ்ட்ரெங்த் என்றால் நிரந்தரமாக வளையவோ அறுந்துபோகவோ எவ்வளவு ஸ்ட்ரெஸ் வேண்டும் என்பது. எம்.எஸ். கம்பி 250 MPa வாக்கில் ஈல்ட் ஆகிவிடும், அதாவது நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். ஹீட் ட்ரீட்மெண்ட் செய்த அலாய் ஸ்டீல் 1000 MPa-ஐத் தாண்டும்.

கேள்வி: அப்போ அலாய் ஸ்டீல் தடி குறைவாக வளையும், சரியா?

பதில்: இங்கேதான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். ஈல்ட் ஆகும்வரை, ஒரே அளவுள்ள இரண்டு தடியும் ஒரே எடைக்கு ஏறத்தாழ ஒரே அளவுதான் வளையும், ஏனென்றால் வளைவை எதிர்க்கும் ஸ்டிஃப்னஸை, ஒரே அளவுள்ள தடிகளில், தீர்மானிப்பது யங்ஸ் மாடுலஸ், அது எந்த ஸ்டீலுக்கும் 200 GPa சுற்றித்தான், ஹீட் ட்ரீட்மெண்ட் அதைப் பெரிதாக அசைக்காது. எடையை எடுத்தபின் எது நேராகத் திரும்புகிறது, எது வளைந்தபடியே நிற்கிறது என்பதில்தான் ஸ்ட்ரெங்த் தெரியும். வளைவே குறைய வேண்டுமென்றால் தடிமனைக் கூட்டு: செவ்வகப் பட்டையில் தடிமனை இரட்டிப்பாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகும். அப்புறம், சாதாரணக் கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் மாடுலஸ் இரண்டுமே 70 GPa வாக்கில்தான். ஒன்று சிதறும், மற்றது நசுங்கும். ஸ்டிஃப்னஸுக்கும் டஃப்னஸுக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஜோடி எனக்குத் தெரியாது.

கேள்வி: டக்டைல் என்றாலே டஃப் தானே?

பதில்: இல்லை. டக்டிலிட்டி, அறுவதற்கு முன் எவ்வளவு நீளும் என்பது மட்டும். ஈயம் நன்றாக நீளும், ஆனால் ஸ்ட்ரெங்த் இல்லாததால் அதை அறுக்கப் பெரிய ஆற்றல் தேவையில்லை. ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெய்ன் வரைபடத்தில் கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு டஃப்னஸ். அது பெரிதாக இருக்க உயரமும் வேண்டும், அகலமும் வேண்டும். வீடு கட்டும் கம்பியைப் பார். அதில் Fe 500, Fe 500D என்ற இரண்டு கிரேடுக்குமே குறைந்தபட்ச ஈல்ட் 500 MPa, ஆனால் இந்தியத் தரநிலையான IS 1786:2008-இன்படி முதலாவது குறைந்தது 12%, இரண்டாவது 16% நீள வேண்டும். நிலநடுக்கத்தில் கட்டடம் ஆடும்போது கம்பி அறுந்துபோகாமல் நீண்டுகொடுக்கத்தான் அந்த D.