கல்யாணத்துக்கு ரோட்டு வழியாக வருகிறவர்களுக்கு: அப்பா வரைந்த படத்துக்குப் பதிலாக இது

உறவுக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். பெண்ணின் அண்ணன் எழுதுகிறேன்.

காலண்டர் தாளின் பின்பக்கம் அப்பா பென்சிலில் ஒரு வழிப்படம் வரைந்தார். சித்தப்பா அதை போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நாலு போன். "அந்த இரட்டைக் கோடு ரோடா, ஆறா?" என்று அத்தை கேட்டார். அது ரயில் பாதை. ரோட்டுக்கும் அப்பா அதே மாதிரி இரட்டைக் கோடுதான் போட்டிருக்கிறார். "சாஸ்தா கோவில்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருப்பதில் இன்னும் பெரிய குழப்பம். ஒன்று ஆரியங்காவு, மற்றது குளத்துப்புழை. படத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நிஜத்தில் அவை வேறு வேறு ரோட்டில் இருக்கின்றன. போதாததற்கு, திரும்ப வேண்டிய இடத்தில் அவர் வரைந்த ஆலமரம் விழுந்து இரண்டு மழைக்காலம் ஆகிறது. அப்பாவுக்கு அது இன்னும் அங்கேதான் நிற்கிறது.

அதனால் அந்தப் போட்டோவை அழித்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள். போன சனிக்கிழமை நானே பைக்கில் செங்கோட்டை வரை போய்த் திரும்பி, ஒவ்வொரு முக்கையும் பார்த்து எழுதியது.

முகூர்த்தம்: செப்டம்பர் 13, ஞாயிறு, காலை 9 மணி முதல் 10.30 வரை. இடம் கொல்லம் மாவட்டம், ஆரியங்காவுக்கும் கழுதுருட்டிக்கும் நடுவில், எங்கள் வீட்டு வாசலில் பந்தல்.

முதலில் மொத்த வழியும் ஒரே மூச்சில்:

தென்காசி → செங்கோட்டை → புளியரை → எஸ் வளைவு → கோட்டைவாசல் → ஆரியங்காவு → இடப்பாளையம் → எங்கள் விலக்கு

இதற்கு அப்புறம் வருவது கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம். அது கண்ணில் பட்டால் எங்கள் விலக்கைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

திருநெல்வேலியிலிருந்து வருகிறவர்களுக்குக் கஷ்டமே இல்லை. ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி. 53 கிலோமீட்டர்தான். நாகர்கோவில்காரர்களும் இந்த வழியே வாருங்கள். திருவனந்தபுரம் சுற்றி வந்தால் நகர நெரிசலிலேயே காலை போய்விடும்.

மதுரைப் பக்கத்தினர் திருமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி வந்து சேர வேண்டும். ஒரு விஷயம்: போன் காட்டுகிறது என்று பண்பொழி, மேக்கரைப் பக்கம் மலை ஏறிவிடாதீர்கள். அது அச்சன்கோவில் போகிற ரோடு. அங்கேயும் ஒரு சாஸ்தா இருக்கிறார், ஆனால் கல்யாணம் அங்கே இல்லை. "அச்சன்கோவில்" என்று போர்டு பார்த்தால் உடனே வண்டியைத் திருப்புங்கள். போன தடவை வீட்டுப் புண்ணியார்ச்சனைக்கு வந்த ஒரு குடும்பம் அந்த வழியில் போய்விட்டு, சாப்பாட்டுப் பந்தி முடிந்தபின் வந்து சேர்ந்தது. பெயர் சொல்ல மாட்டேன், படிக்கும்போது அவர்களே சிரிப்பார்கள்.

தென்காசியிலிருந்து செங்கோட்டை சுமார் 8 கிலோமீட்டர். நேர் ரோட்டிலேயே வாருங்கள். குற்றாலம் வழியாகவும் வரலாம்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை அருவிக்கு வருகிற வண்டிகளோடு நிற்க வேண்டியிருக்கும். "வருகிற வழியில் ஒரு குளியல்" என்று யாராவது ஆரம்பித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முகூர்த்தம் முடிந்து திரும்பும்போது குளிக்கலாம்.

செங்கோட்டையில் மூன்று வேலை. பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள், ஆனால் வயிறு நிறைய வேண்டாம், மேலே வளைவு இருக்கிறது. இந்தச் செய்தியை ஒருமுறை திறந்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் காட்டுப் பகுதியில் சிக்னல் வரும், போகும். இந்தச் செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர்தான். தாத்தாவுக்குக் கடைசிவரை இது எல்லை தாண்டுகிற பயணமாகவே தோன்றியதில்லை. எங்களுக்குத்தான் இரண்டு பக்கமும் செக்போஸ்டில் நிற்க வேண்டியிருக்கிறது.

புளியரை வரை சமதளம், இரு பக்கமும் வயல். தமிழ்நாட்டு செக்போஸ்ட் தாண்டியதும் ஏற்றம். எஸ் வளைவு என்று எல்லோரும் சொல்வது இதுதான். பாரம் ஏற்றிய லாரிகள் இரண்டு பக்கமும் ஊர்ந்துகொண்டிருக்கும். வளைவில் முந்தவே கூடாது. லாரிக்குப் பின்னால் பத்து நிமிஷம் போனால் ஒன்றும் குறைந்துவிடாது, தாலி கட்டுகிறவர் உங்கள் காரில் இருந்தாலொழிய. மாப்பிள்ளை வீட்டார் இதை இரண்டு தடவை படிக்கவும். ஆவணிக் கடைசியிலும் இங்கே சாரல் உண்டு. மூடுபனி இறங்கினால் விளக்கைப் போட்டு மெதுவாக வாருங்கள்.

வளைவு முடிந்ததும் கோட்டைவாசல். லாட்டரிக் கடைகள் வரிசையாகத் தெரிந்தால் கேரளா வந்துவிட்டது. ஆரியங்காவு செக்போஸ்டில் சில சமயம் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். சீர்த்தட்டு, பட்டுப்புடவை, பழக்கூடை எதற்கும் பிரச்சினை வராது. பாட்டில் ஏதும் இருந்தால் வரும். சொல்லிவிட்டேன். வாடகை வேன், பஸ் பிடித்து வருகிறவர்கள் கேரளாவுக்கான பெர்மிட்டும் வரியும் கட்டியாகிவிட்டதா என்று டிரைவரிடம் முந்தின நாளே கேட்டு, காகிதத்தைக் கண்ணால் பாருங்கள். "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இனி கவனமாக. ஆரியங்காவு சாஸ்தா கோவில் ரோட்டு மட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது, காரில் வேகமாக வந்தால் தவறவிடுவீர்கள். கோவிலைப் பார்த்ததும் வண்டியின் கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியில் பாலருவிக்கும் ரோஸ்மலைக்கும் போர்டு தென்படும். இரண்டுக்கும் திரும்ப வேண்டாம். மெயின் ரோட்டை விடாமல் வாருங்கள். ரயில் பாதை கொஞ்சம் தூரம் கூடவே வரும், அப்புறம் காணாமல் போகும், மறுபடி வரும். அதை அடையாளமாக வைக்காதீர்கள், அப்பா படத்தில் சிக்கல் வந்ததே அதனால்தான்.

இடப்பாளையம் தாண்டி, கோவிலிலிருந்து சுமார் 6 கிலோமீட்டரில் இடதுபுறம் நீலப் பெயின்ட் அடித்த பஸ் நிழற்குடை. எதிரே தகரக் கூரை போட்ட டீக்கடை. நிழற்குடையை ஒட்டி இடதுபக்கம் சிமெண்ட் ரோடு கீழே இறங்கும். அதுதான் விலக்கு. விழுந்த ஆலமரத்தின் அடிக்கட்டை அங்கே இருக்கிறது, அதில் மஞ்சள் துணி சுற்றி வைத்திருப்போம். இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருக்கும். எங்கள் தம்பிமார் இருவர் காலை 6 மணி முதல் அங்கே நிற்பார்கள்.

கார், ஆட்டோ மட்டும் உள்ளே வரலாம். வேனும் பஸ்ஸும் இறங்கினால் திரும்ப முடியாது. டீக்கடைக்குப் பக்கத்து மரக்கட்டை டிப்போ மைதானத்தில் நிறுத்தச் சொல்லியிருக்கிறோம், உரிமையாளரிடம் கேட்டாகிவிட்டது. அங்கிருந்து ரப்பர் தோட்டத்து ஓரமாக 400 மீட்டர் நடை. முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு ஆட்டோ சுற்றிக்கொண்டே இருக்கும். பட்டுப்புடவைக்காரர்கள் செருப்பைப் பார்த்துப் போடுங்கள், மழை பெய்திருந்தால் பாதை வழுக்கும்.

விலக்கைத் தவறவிட்டால் பதற வேண்டாம். கொஞ்ச தூரத்தில் ரோட்டோரமாகக் கருங்கல் வளைவுகளோடு பதிமூன்று கண் ரயில் பாலம் தெரியும். எல்லோரும் அங்கே இறங்கிப் படம் எடுப்பார்கள். நீங்களும் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பி வாருங்கள், அப்போது நிழற்குடை வலதுபுறம் வரும்.

கேரளப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள்: கொல்லத்திலிருந்து கொட்டாரக்கரை, புனலூர், தென்மலை, நேரே. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, பாலோடு, மடத்தறை, குளத்துப்புழை வழியாகத் தென்மலை வந்து, முக்கில் வலதுபுறம் செங்கோட்டை ரோட்டைப் பிடிக்க வேண்டும். உங்களுக்குப் பாலம் முதலில் வரும், அதைத் தாண்டியபின் வலதுபுறம் நிழற்குடை. குளத்துப்புழை சாஸ்தா கோவிலைப் பார்த்ததும் வந்துவிட்டோம் என்று நின்றுவிடாதீர்கள்.

பஸ்ஸில் வருவதானால் தென்காசியிலிருந்து புனலூர், கொல்லம் போகிற வண்டி. எல்லா வண்டியும் எங்கள் நிழற்குடையில் நிற்காது. ஆரியங்காவில் இறங்கிவிடுங்கள், அங்கிருந்து ஆட்டோவில் கொண்டுவர ஏற்பாடு உண்டு.

வழி கேட்க வேண்டி வந்தால் தமிழிலேயே கேளுங்கள், இந்தப் பக்கம் நிறையப் பேருக்குத் தமிழ் தெரியும். மலையாளத்தில் பதில் வந்தால் இதை மட்டும் நினைவில் வையுங்கள்: "இடத்தோட்டு" என்றால் இடதுபக்கம், "வலத்தோட்டு" என்றால் வலதுபக்கம். "திரியணம்" என்றால் திரும்ப வேண்டும் என்று பொருள், அலையச் சொல்லவில்லை.

நேரக் கணக்கு: திருநெல்வேலியிலிருந்து காலை 5 மணிக்குக் கிளம்பினால் டிபனுக்கே வந்துவிடலாம். மதுரைக்காரர்கள் சனிக்கிழமை மாலையே தென்காசியிலோ செங்கோட்டையிலோ வந்து தங்குவது நல்லது. அறை வேண்டும் என்றால் 5-ஆம் தேதிக்குள் சொல்லுங்கள். இருட்டில் மலை ஏற வேண்டாம், காட்டு ரோட்டில் விலங்கு குறுக்கே வரும். விடிந்து 6.30-க்குச் செங்கோட்டையை விட்டால் போதும், அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பந்தல்.

சந்தேகம் வந்தால் அழைப்பிதழின் பின்பக்கம் உள்ள மாமா நம்பருக்குப் போன் செய்யுங்கள். அப்பாவுக்கு வேண்டாம். அவர் ஆலமரத்துப் பக்கம் திரும்பச் சொல்வார்.