வெயில் போன பிறகு கரண்ட் எங்கிருந்து வரும்?

புதுப்பிக்கத்தக்க ஆற்றல்: வகுப்புக் கருத்தரங்கு, 12 நிமிடம், 8 ஸ்லைடு. மேசையில் வைக்க ஒரு சின்ன சோலார் பேனலும் அதோடு இணைத்த குட்டி ஃபேனும்.

ஸ்லைடு 1
திரையில்: ஆற்றலுக்குப் பஞ்சமில்லை. நேரம்தான் சிக்கல்.

சொல்ல வேண்டியது: தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் தரையில் சுமார் 1000 வாட் கொட்டுகிறது. ஒரு இஸ்திரிப் பெட்டி ஓடும் அளவு. ஆனால் நமக்கு விளக்கு வேண்டியது இரவில். இன்று நான் பேசப்போவது இந்த ஒரு இடைவெளியைப் பற்றித்தான்.

ஸ்லைடு 2
திரையில்: ஒளி பட்டால் எலக்ட்ரான் நகரும்

சொல்ல வேண்டியது: (பேனலை ஜன்னல் வெயிலில் வைத்து ஃபேனை ஓடவிடு, அது வேகம் பிடிக்கும் வரை பேசாதே.) 1839-ல் பெக்கரல் கண்ட விளைவு இது. நடைமுறைக்கு உதவும் சிலிக்கான் மின்கலம் 1954-ல்தான் பெல் ஆய்வகத்தில் வந்தது, அதன் திறன் சுமார் 6 சதவீதம். இப்போது கடையில் வாங்கும் பேனலே 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. சரி, இப்போது ஒரே ஒரு கலத்தைக் கட்டைவிரலால் மூடுகிறேன். ஃபேன் தள்ளாடுகிறது, நிற்கவும் செய்யலாம். மூடியது ஒரு ஓரம்தான், ஆனால் கலங்கள் எல்லாம் ஒரே வரிசையில் கோத்திருப்பதால் ஒன்று அடைபட்டால் மற்றவற்றின் மின்னோட்டமும் தடைபடும். அதனால்தான் பெரிய பேனல்களில், அடைபட்ட கலங்களைத் தவிர்த்து மின்னோட்டத்துக்கு மாற்று வழி விடும் பைபாஸ் டயோடு வைக்கிறார்கள், ஒரு கிளையின் நிழல்கூட அவ்வளவு பாடுபடுத்தும்.

ஸ்லைடு 3
திரையில்: காற்று இரு மடங்கானால் மின்சாரம் எட்டு மடங்கு

சொல்ல வேண்டியது: காற்றின் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். நொடிக்கு 6 மீட்டர் வீசிய காற்று 3 மீட்டராகக் குறைந்தால் பாதி கிடைக்காது, எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். காற்றாலையை எங்கே நடுவது என்று அவ்வளவு அலசுவது இதனால்தான். அப்புறம், காற்றில் உள்ள ஆற்றலை முழுசாக உருவிவிட முடியாது, உருவினால் இறக்கைக்குப் பின்னால் காற்று அப்படியே நின்றுவிடும், பிறகு புதுக்காற்று எப்படி வரும்? உச்சவரம்பு 59.3 சதவீதம் என்று ஆல்பர்ட் பெட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த கணக்கு இது.

ஸ்லைடு 4
திரையில்: ஓதம் நேரம் தவறாது

சொல்ல வேண்டியது: (வேகமாகக் கடந்துவிடு.) ஓதம் என்றால் கடல் மட்டம் ஏறி இறங்குவது, அதில் மின்சாரம் எடுக்கும் பிரான்சின் லா ரான்ஸ் நிலையம் 1966 முதல் ஓடுகிறது, 240 மெகாவாட். நிலா எப்போது இழுக்கும் என்பது முன்கூட்டியே தெரியும், அதுதான் இதன் பலம். ஆனால் கடல் மட்டம் நன்றாக ஏறி இறங்கும் கரைகள் உலகில் குறைவு.

ஸ்லைடு 5
திரையில்: தண்ணீரை மேலேற்றினால் அதுவும் சேமிப்புதான்

சொல்ல வேண்டியது: பகலில் மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, இரவில் டர்பைன் வழியே இறக்குகிறார்கள். போட்டதில் 70 முதல் 80 சதவீதம் திரும்பி வரும். எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 1000 லிட்டர் தொட்டி, 10 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டு நானே போட்டுப் பார்த்தேன்: 98,000 ஜூல். ஒரு 9 வாட் எல்இடி பல்பு மூன்று மணி நேரம் எரியும், அவ்வளவுதான்! ஒரு யூனிட் வேண்டுமென்றால் அதே ஒரு டன் தண்ணீரை 367 மீட்டர் ஏற்ற வேண்டும், அதுவும் இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால். (இங்கே நிறுத்தி, எண்ணைப் பலகையில் எழுது.) மலையும் பெரிய நீர்த்தேக்கமும் ஏன் தேவை என்பது இப்போது புரியும்.

ஸ்லைடு 6
திரையில்: அதே ஒரு யூனிட், 10 கிலோவுக்கும் குறைவான பேட்டரியில்

சொல்ல வேண்டியது: லித்தியம் அயான் பேட்டரி 1991-ல் விற்பனைக்கு வந்தது, அதை உருவாக்கியவர்களுக்கு 2019-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. எடைக்கு எடை பார்த்தால் தண்ணீர் கிட்டவே வர முடியாது. ஆனால் பேட்டரி ஏற்றி இறக்க இறக்கத் தேயும், அணை பல பத்தாண்டு நிற்கும். சில மணி நேரத்துக்கு பேட்டரி, பெரிய அளவில் நெடுநேரம் என்றால் தண்ணீர் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் கடைசியில் கேளுங்கள்.

ஸ்லைடு 7
திரையில்: தேவையையே வெயிலுக்கு நகர்த்தலாம்

சொல்ல வேண்டியது: சேமிப்பதைவிட மலிவான வழி இது. மோட்டார் போடுவது, துணி துவைப்பது, மின்வண்டிக்குச் சார்ஜ் ஏற்றுவது, இவை இரவில்தான் நடக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பகல் மின்சாரத்துக்குக் கட்டணம் குறைந்தால் ஆட்கள் தாங்களே நேரத்தை மாற்றிக்கொள்வார்கள்.

ஸ்லைடு 8
திரையில்: கேள்விகள்

சொல்ல வேண்டியது: "பேனல் செய்யச் செலவான ஆற்றலை அது எப்போதாவது திருப்பித் தருமா?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். தரும். பெரும்பாலும் மூன்று ஆண்டுக்குள் அடைத்துவிடும், ஆயுளோ 25 ஆண்டு. யாரும் கேட்காவிட்டால் ஃபேனை மறுபடி ஓடவிட்டு, வேறு கலத்தை மூட ஒருவரை முன்னால் கூப்பிடு.