யாழினியின் மூன்று பருவ வரைபடம்: பெற்றோருக்கு ஒரு குறிப்பு

யாழினியின் பெற்றோருக்கு,

வணக்கம். இத்துடன் யாழினியின் முன்னேற்ற வரைபடத்தை இணைத்திருக்கிறேன். மூன்று பருவத் தேர்வுகளிலும் அவள் வாங்கிய மதிப்பெண்கள் அதில் ஐந்து நிறக் கோடுகளாக இருக்கின்றன. எடுத்தவுடன் கண்ணில் படப்போவது கணக்கின் சிவப்புக் கோடுதான். கிணற்றில் விழுந்த வாளி மாதிரி நடுவில் சரேலென்று இறங்கியிருக்கும். அதைப் பார்த்துப் பயந்துவிடாமல் இருக்கத்தான் முக்கியமாக இந்தக் குறிப்பை எழுதுகிறேன். என் கவலை சிவப்புக் கோட்டைப் பற்றியது அல்ல. ஏறாமலும் இறங்காமலும் கிடக்கும் ஆங்கிலத்தின் பச்சைக் கோட்டைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

முதலில் படத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். இடது ஓரத்து எண்கள் 0-இல் தொடங்கவில்லை, 40-இல் தொடங்கி 100-இல் முடிகின்றன. 0-இலிருந்து போட்டால் ஐந்து கோடுகளும் மேலே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு எது எதுவென்றே தெரியாமல் போகும், அதனால் அப்படி வரைந்தேன். ஆனால் இதில் ஒரு தொல்லை உண்டு. ஏற்றமும் இறக்கமும் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். கணக்கில் குறைந்தது 17 மதிப்பெண். படத்திலோ அது மொத்த உயரத்தில் கால் பங்குக்கும் மேல் விழுந்ததுபோல இருக்கும். ஆகவே கோட்டின் சரிவைப் பார்க்காமல், புள்ளிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள்.

ஒவ்வொரு நிறக் கோட்டுக்கும் துணையாக அதே நிறத்தில் ஒரு புள்ளிக்கோடு போகிறது. அது வகுப்பிலுள்ள 34 பிள்ளைகளின் சராசரி. மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பேசுவதற்காக அதைப் போடவில்லை. எல்லாப் பருவத்துக் கேள்வித்தாளும் ஒரே அளவு கடினமாக இருப்பதில்லை. தாள் கடினமாக இருந்தால் வகுப்பு முழுவதும் இறங்கும். அப்போது உங்கள் பிள்ளை இறங்கியதில் எவ்வளவு தாளினால், எவ்வளவு அவளால் என்று பிரித்துப் பார்க்க அந்தப் புள்ளிக்கோடு உதவும். 'ரேங்க்' போடவில்லை, வேண்டுமென்றுதான் போடவில்லை. இரண்டு மூன்று மதிப்பெண் கூடுவதும் குறைவதும் ஒரு பொருட்டே இல்லை. அன்று காலை தூக்கம் சரியாக இல்லையென்றால்கூட அவ்வளவு மாறும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். முதல் பருவம் 78, இரண்டாம் பருவம் 61, மூன்றாம் பருவம் 70. வகுப்புச் சராசரி 68, 59, 62. அதாவது இரண்டாம் பருவத்தில் வகுப்பே 9 மதிப்பெண் இறங்கியது. யாழினி இறங்கிய 17-இல் ஏறக்குறைய பாதிக்கு அந்தத் தாள் பொறுப்பு. மீதிப் பாதிக்குக் காரணம் தேட விடைத்தாளை எடுத்து, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு வாங்கினாள் என்று கூட்டிப் பார்த்தேன். பின்னத்திலிருந்து 30 மதிப்பெண்ணுக்குக் கேள்விகள் வந்திருந்தன, அதில் அவள் எடுத்தது 9. மற்ற 70-இல் 52. விழுந்த இடம் பின்னம் என்ற ஒரே இடம்தான்.

அது ஏன் என்பது வருகைப் பதிவேட்டிலேயே இருக்கிறது. காய்ச்சலில் அவள் 9 நாள் வராமல் இருந்தது பின்னக் கூட்டல் தொடங்கிய வாரத்தில். திரும்பி வந்தபோது வகுப்பு பெருக்கலுக்குப் போயிருந்தது. விட்டதை அவளே ஒரு வழி கண்டுபிடித்துச் சமாளித்திருக்கிறாள். மேலே உள்ளதை மேலே உள்ளதோடு கூட்டுவது, கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடு கூட்டுவது. அந்தக் கணக்கில் 1/2 + 1/3 என்பது 2/5 ஆகிவிடுகிறது. பின்னம் படிக்கும் பிள்ளைகள் பலர் இந்தக் குழியில் விழுவார்கள். அவள் இதில் விழுந்ததை நான் தேர்வுக்கு முன்பே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை, அது என் பிழை.

தேர்வுக்குப் பிறகு மதிய இடைவேளையில் நாலைந்து நாள் அவளை உட்கார வைத்தேன். ஒரே நீளமுள்ள காகிதப் பட்டைகளைக் கொடுத்து ஒன்றைப் பாதியாகவும் இன்னொன்றை மூன்றாகவும் மடிக்கச் சொன்னேன். 2/5 அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, பாதிப் பட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள், "பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா எப்படி மிஸ் பாதியை விடக் குறையும்?" என்று என்னையே கேட்டாள். அப்புறம் 5/6 வரைக்கும் அவளாகவே வந்துவிட்டாள். மூன்றாம் பருவத் தாளில் பின்னத்துக்கு 20 மதிப்பெண், அவள் எடுத்தது 13. இன்னும் இடறுகிறாள், முக்கியமாகக் கழித்தலில். ஆனால் விதி புரிந்துவிட்டது, இனிமேல் பழக்கம்தான் வேண்டும். சராசரியைவிட முதல் பருவத்தில் 10 மேலே இருந்தாள், நடுவில் 2, இப்போது 8. இந்தக் கோட்டுக்காக டியூஷன் வைக்க வேண்டாம்.

தமிழ் 81, 84, 88. நூலகப் புத்தகம் இல்லாமல் அவளைப் பார்ப்பதே அபூர்வம், அதன் பலன் இது. சொல்ல வேறொன்றும் இல்லை.

அறிவியல் 52, 60, 74. சராசரிக்கு 11 கீழே தொடங்கி 8 மேலே வந்து நிற்கிறாள். ஐந்து கோடுகளிலும் பெரிய ஏற்றம் இதுதான், சிவப்புக் கோட்டைப் பார்க்கிற அவசரத்தில் இதைத் தவறவிட்டுவிடாதீர்கள். முதல் பருவத்தில் விடையை வரிக்கு வரி மனப்பாடம் செய்து எழுதினாள். ஒரு வரி மறந்தால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் போச்சு. இப்போது படம் வரைந்து அம்புக்குறி போட்டுப் படிக்கிறாள். அது அவளே கண்டுபிடித்த முறை, நான் சொல்லிக்கொடுத்தது அல்ல.

சமூக அறிவியல் 70, 72, 63. இதுவும் இறக்கம்தான், ஆனால் படிக்காமல் வந்தது அல்ல. கடைசி மேப் கேள்வி 12 மதிப்பெண்ணுக்கு, அதை அவள் தொடவே இல்லை. எழுதிய 88-க்கு 63 எடுத்திருக்கிறாள், அந்த விகிதம் பழைய நிலைக்கு ஒன்றும் குறைந்தது அல்ல. நேரம் எங்கே போனது என்று பார்த்தால், முதல் 8 மதிப்பெண் கேள்விக்கே இரண்டரைப் பக்கம். நன்றாகத் தெரிந்த கேள்வி வந்தால் நிறுத்த மனம் வருவதில்லை! இரண்டரை மணி நேரத் தேர்வில் 100 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம். 8 மதிப்பெண் கேள்விக்கு 12 நிமிடம்தான். இதை அவளிடம் சொல்லியிருக்கிறேன். வீட்டில் வாரத்துக்கு ஒரு கேள்வியை மட்டும் கடிகாரத்தை முன்னால் வைத்து எழுத வையுங்கள். 12 நிமிடம் ஆனதும் வாக்கியம் பாதியில் நின்றாலும் பேனாவைக் கீழே வைக்கட்டும்.

இனி பச்சைக் கோடு. ஆங்கிலம் 66, 67, 65. படத்தில் மேடு பள்ளமில்லாமல் ஓடுகிறது, பார்க்க அமைதியாக இருக்கிறது. ஆனால் உள்ளே நடப்பது வேறு. தாளில் மூன்று பகுதிகள். வாசித்தலுக்கு 30, இலக்கணத்துக்கு 30, எழுதுவதற்கு 40. வாசித்தலில் 24, 25, 26. எழுதுவதில் 19, 21, 25. இலக்கணத்தில் மட்டும் 23, 21, 14. இரண்டு பகுதி ஏற, ஒன்று இறங்க, கூட்டிப் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஒரு நேர்கோடு வந்துவிட்டது.

இலக்கணத்தில் போனது பெரும்பாலும் இறந்தகால வினைச்சொற்களில். 'வென்ட்' என்று முதல் பருவத்தில் சரியாக எழுதியவள், மூன்றாம் பருவத்தில் 'கோ'வோடு 'எட்' ஒட்டி ஒரு புதுச் சொல்லையே உண்டாக்கியிருக்கிறாள். பின்னோக்கிப் போய்விட்டாளோ என்று தோன்றும். முன்பு சொல்லாகச் சொல்லாக ஞாபகத்திலிருந்து எழுதினாள். இப்போது ஒரு விதி பிடிபட்டிருக்கிறது, அதை எல்லாவற்றுக்கும் போட்டுப் பார்க்கிறாள். மொழி கற்கிறவர்களிடம் இது அடிக்கடி நடப்பதுதான். ஆனாலும் தானாகச் சரியாகட்டும் என்று விட்டுவிடும் எண்ணம் எனக்கு இல்லை. அடுத்த ஆண்டு பாடங்கள் இதன் மேல்தான் ஏறி உட்காரும்.

நான் 40 வினைச்சொற்கள் கொண்ட ஒரு தாள் கொடுத்தனுப்புகிறேன். ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும். அதை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். அந்த மூன்றையும் வைத்து நேற்று நடந்ததை ஆங்கிலத்தில் நாலு வரி சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்று போன கூட்டத்தில் சொன்னீர்கள், அது இதற்குத் தடையே இல்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூன்று சொல் சரியாக வந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும். மற்ற பிழைகளை இப்போதைக்குக் கண்டுகொள்ளாதீர்கள். எழுதுவதில் 19-லிருந்து 25-க்கு வந்திருக்கிறாள் என்றால் தப்பாகிவிடுமோ என்ற பயம் குறைந்திருக்கிறது. எல்லாவற்றையும் திருத்தப்போனால் மறுபடி மூன்று வரியோடு நிறுத்திக்கொள்வாள்.

மொத்தம் 347, 344, 360. வரைபடத்தில் மொத்தத்தைக் காட்டவில்லை, இப்போது ஏன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். இரண்டாம் பருவத்தில் மூன்றே மதிப்பெண்தான் குறைந்திருக்கிறது. கணக்கு விழுந்ததும் அறிவியல் ஏறியதும் அந்த மூன்றுக்குள் மறைந்துபோகும்.

இன்னொரு விஷயம். வரைபடத்தை நேற்று யாழினியிடம்தான் முதலில் காட்டினேன். பார்த்துக்கொண்டிருந்தபோதே கட்டைவிரலால் சிவப்புக் கோட்டின் நடுப்புள்ளியை மூடிக்கொண்டாள். அதனால் வீட்டில் இதை விரித்ததும் அறிவியல் கோட்டிலிருந்து பேச ஆரம்பித்தால் நன்றாக இருக்கும்.

சனிக்கிழமை காலை 10 மணியிலிருந்து 12 வரை வகுப்பறையில் இருப்பேன். இருவரில் ஒருவர் வந்தாலும் போதும், யாழினியையும் கூட்டி வாருங்கள். ஐந்து விடைத்தாள்களையும் எடுத்து வைக்கிறேன், பின்னக் கழித்தலில் அவள் எங்கே இடறுகிறாள் என்று மூவருமாகப் பார்க்கலாம். அன்று வர முடியாது என்றால் கீழே உள்ள துண்டில் உங்களுக்குத் தோதான நாளையும் நேரத்தையும் எழுதி, கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அவளிடம் கொடுத்தனுப்புங்கள். வரைபடம் உங்களுக்குத்தான், திருப்பித் தர வேண்டாம்.

அன்புடன்,
வகுப்பு ஆசிரியை
ஆறாம் வகுப்பு, 'ஆ' பிரிவு